யார் முதலில் கூப்பிட்டது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். அம்மா சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். படுக்கையறையிலிருந்து வந்த அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார். "இதில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையை எப்படியம்மா கூட்டுவது?" என்று கேட்டார்.

எதற்கு என்றேன். "வீட்டில் கொஞ்சம் வேலை செய்யவேண்டியிருக்கிறது. குளியலறைத் தரையை மாற்றலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அந்தக் குளியலறைத் தரையை மாற்றி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. கல்லைத் தேர்ந்தெடுத்ததே நானும் அவரும்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கைபேசியைப் பார்த்தார். அதன் முதுகுப்பக்கம் சுட்டது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மணிக்கு ஒருமுறை யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்த கைபேசி அது.

என் அப்பாவுக்கு 74 வயது. கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாலறை வீட்டில் அம்மாவுடன் இருக்கிறார். ஏமாளி இல்லை. ஈரச்சந்தையில் மீன்காரர் நிறுத்துக் காட்டும் எடையைத் தலையிலேயே கணக்குப் போட்டுச் சரிபார்ப்பவர். அவரிடமிருந்து இரண்டு நாளில் 9,800 வெள்ளி போயிருந்தது.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, உங்கள் பெயரில் இருக்கும் காப்பீட்டின் இலவசக் காலம் இன்றோடு முடிகிறது, இனி மாதம் 98 வெள்ளி கணக்கிலிருந்து கழியும் என்றாள். அப்படி ஒன்றை நான் எடுக்கவே இல்லையே என்றார் அப்பா. அப்படியானால் ரத்து செய்துவிடலாம், அடையாள எண்ணை மட்டும் உறுதிசெய்யுங்கள் என்றாள். அவர் உறுதிசெய்தார். சற்று நேரத்தில் அவள் குரல் மாறியது. உங்கள் அடையாள எண்ணில் இன்னொரு வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில் கள்ளப்பணம் புழங்கியிருக்கிறது, உங்களை நாணய ஆணைய அதிகாரியிடம் இணைக்கிறேன் என்றாள். அடுத்து வாட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு வந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன், பின்னால் ஒரு சின்னம். அப்பாவின் முழுப்பெயரும் அடையாள எண்ணும் அச்சிட்ட கடிதம் ஒன்றையும் அனுப்பினான். விசாரணை முடியும்வரை உங்கள் சேமிப்பைப் 'பாதுகாப்புக் கணக்கு' ஒன்றுக்கு மாற்றிவைக்கவேண்டும், முடிந்ததும் முழுத்தொகையும் திரும்பிவிடும் என்றான்.

அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார்கள், வங்கி விவரம் கேட்கமாட்டார்கள், அழைப்பைக் காவல்துறைக்கு இணைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று காவல்துறை ஓயாமல் சொல்லிவருகிறது. அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டவள் அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொள்ளவில்லையே. 98 வெள்ளியைக் காப்பாற்றத்தான் அவர் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் உயரம். கீழிருந்து பார்த்தால் உச்சிப்படி தெரிவதில்லை.

அவர் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000 வெள்ளிதான் அனுப்ப முடியும். அதனால் வெள்ளிக்கிழமை 4,900, சனிக்கிழமை 4,900 என்று இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு ஆட்களின் பெயரில் இருந்த கணக்குகளுக்குப் போனது. மீதியையும் ஒரே தடவையில் வாங்கிவிட நினைத்தவன், வரம்பைக் கூட்டு என்று நெருக்கியிருக்கிறான். அப்பாவுக்கு அதைச் செய்யத் தெரியவில்லை. யாராவது கேட்டால் வீட்டு வேலைக்கு என்று சொல் என்பதும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். மீதி அறுபதாயிரத்துச் சொச்சத்தைக் காப்பாற்றியது அந்த 5,000 வெள்ளி வரம்பும், அதைக் கூட்டத் தெரியாமல் என்னிடம் வந்ததும்தான்.

வங்கியின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கினோம். அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். முதல் கணக்கு அதற்குள் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் 2,150 வெள்ளி சிக்கியது. பல மாதம் கழித்து அது மட்டும் திரும்பி வந்தது. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்களில் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனதாகக் காவல்துறை வெளியிட்ட கணக்கு சொல்கிறது. படித்தபோது அது யாருக்கோ நடந்தது. அன்று இரவு காவல் நிலைய நாற்காலியில் அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்சியில் கேட்டேன்: "ஏன்பா என்னிடம் சொல்லவில்லை?" அவர் சொன்ன பதிலிலிருந்துதான் பிறகு நாங்கள் செய்த எல்லாமே பிறந்தது. "பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் இந்த வழக்கில் மாட்டிக்கொள்வார்கள் என்றான். உனக்கு வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்."

ஆசையைக் காட்டி அவரை ஏமாற்றவில்லை. எங்கள் மேல் அவர் வைத்த பாசத்தைக் காட்டித்தான் வாயைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் தனியாக ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு, எங்கள் எதிரே உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டிருக்கிறார்.

அடுத்து நான் செய்தது தவறு. திங்கட்கிழமையே அவர் கைபேசியை வாங்கி வங்கிச் செயலியை நீக்கினேன். இனி எதுவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் காப்பிக் கடைக்குப் போகவில்லை. அம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவன் பணத்தைத்தான் எடுத்தான். நீ மரியாதையை எடுத்துவிட்டாய்." அம்மா சொன்னது சரி. நடைமுறையில் பார்த்தாலும் அது தவறுதான். வெட்கப்பட்ட மனிதர் அடுத்த முறை இன்னும் ஆழமாக மறைப்பார். அவருடைய கடவுச்சொல்லை நான் வைத்திருந்தால், 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று நானே அவருக்குச் சொல்வதற்கும் பொருளில்லாமல் போய்விடும். செயலியைத் திரும்பப் போட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொங்கோலிலிருந்து தம்பியும் வந்தான். நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். பணம் நகரும் முன் வீட்டுக்குள் ஒரு சரிபார்ப்பு வேண்டும், அதை எப்படி வைப்பது என்பதுதான் பேச்சு.

500 வெள்ளிக்கு மேல் போனால் எங்களில் ஒருவரிடம் சொல்லவேண்டும் என்றான் தம்பி. அப்பா உடனே மறுத்தார். கோயில் உபயத்துக்கு 800 கொடுக்கிறேன், ஊருக்கு ஆயிரம் அனுப்புகிறேன், அதற்கெல்லாம் உன்னிடம் அனுமதி கேட்கவேண்டுமா என்றார். நியாயமான கேள்வி. மோசடிக்காரன் 480 வெள்ளியாகப் பத்துத் தடவை கேட்டால் அந்த விதி என்ன செய்யும்? அதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு அம்மா கேட்டார்: "கோயிலுக்குக் கொடுக்கும்போது கோயில்காரர்களா நம்மைக் கூப்பிடுகிறார்கள்? நாமாகத்தானே போகிறோம்?"

முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. தொகை எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, யார் முதலில் தொடங்கியது என்று பார்த்தால் போதும். அப்பா தானாகப் போய் மின்கட்டணம் கட்டினாலும், கோயிலில் காணிக்கை கொடுத்தாலும், கடையில் குளிர்சாதனப்பெட்டி வாங்கினாலும் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அது ஐயாயிரமாக இருந்தாலும் அவருடைய பணம், அவருடைய விருப்பம். ஆனால் அழைப்போ குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ, எந்த வழியாகவாவது இன்னொருவர் நம்மைத் தேடி வந்து, அந்தப் பேச்சு பணத்திலோ கடவுச்சொல்லிலோ செயலி ஒன்றைப் பதிவிறக்குவதிலோ போய் முடிந்தால், பத்து வெள்ளியாக இருந்தாலும் சரிபார்ப்பு உண்டு. வந்தவர் மகனாக இருந்தாலும் உண்டு.

அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. அவருடைய புத்தியை இந்த விதி எடைபோடவில்லை. வந்த அழைப்பைத்தான் எடைபோடுகிறது.

சரிபார்ப்பு எப்படி என்பதை அன்றே பேசி முடித்தோம். பேச்சில் பணம் வந்த உடனே, "வீட்டில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லி அழைப்பைத் துண்டிக்கவேண்டும். காரணம் சொல்லக்கூடாது, வாதாடக்கூடாது. பேச்சை நீட்டினால் எதிரே இருப்பவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். அந்த வாக்கியத்தை அப்பாவை ஐந்து முறை உரக்கச் சொல்லவைத்தேன். முதலில் கூச்சப்பட்டார். ஆனால் பழகாத வாக்கியம் பயந்திருக்கும் நேரத்தில் வாயில் வராது. கப்பல் பட்டறையில் தீப்பயிற்சி எதற்கு நடத்தினார்கள் என்று நான் கேட்டதும் அவரே சிரித்துவிட்டு மறுபடி சொன்னார்.

துண்டித்த பிறகு என்னைக் கூப்பிடவேண்டும். நான் எடுக்காவிட்டால் தம்பியை. இருவருமே எடுக்காவிட்டால், அன்றைக்குப் பணம் நகராது. இந்தக் கடைசிப் பகுதியை எழுதிவைக்காமல் விட்டால் மற்றதெல்லாம் ஓட்டைப் பாத்திரம்தான். நான் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில்தான் அப்படிப்பட்ட அழைப்பு வரும். 'கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை' என்று சொல்லிவிட்டு அனுப்ப இடம் கொடுக்கக்கூடாது. பதில் இல்லை என்றால் பதில் 'வேண்டாம்' என்றுதான் பொருள். அவசரமாகக் கேட்கவேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது 1799, மோசடித் தடுப்பு உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள். வங்கி என்று சொன்னால் வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண். கூப்பிட்டவன் கொடுத்த எண்ணை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

எங்கள் பக்கமும் ஒரு கடமை வைத்துக்கொண்டோம். அப்பாவோ அம்மாவோ இதற்காகக் கூப்பிட்டால் திட்டுவதில்லை, பெருமூச்சு விடுவதில்லை, 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்பதில்லை. ஒருநாள் நான் அதை மீறினேன். வேலை நெருக்கடியில், "அப்பா, அது வெறும் விளம்பரம்தான், விடுங்கள்" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவரிடமிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. சந்தேகமான அழைப்பு வராமல் இருந்திருக்காது. நானே போய்க் கேட்டபோது, "நீ வேலையாக இருப்பாய்" என்றார். பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கும் பெற்றோரின் அந்த நல்ல குணத்துக்குள்தான் மோசடிக்காரன் புகுந்துகொள்கிறான்.

இரகசியச் சொல் ஒன்றும் வைத்துப் பார்த்தோம். யாராவது என் குரலில் பேசிப் பணம் கேட்டால் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மாதத்தில் அம்மா அதை மறந்துவிட்டார். அப்பா மறக்காமல் இருக்க ஒரு தாளில் எழுதி, கைபேசி உறையின் பின்பக்கம் ஒட்டியிருந்தார். எப்போதோ ஒருநாள் தேவைப்படும் சொல் வயதானவர்களுக்கு நிற்காது. அதை விட்டுவிட்டு, துண்டித்துவிட்டு, ஏற்கெனவே சேமித்துவைத்த எண்ணில் திரும்பக் கூப்பிடுவது என்று மட்டும் வைத்துக்கொண்டோம். நினைவில் வைக்க அதில் எதுவும் இல்லை.

இதேபோல இன்னொரு பாடமும் பட்டுத் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் எண்ணுக்கு முன்னால் இங்கே + குறி வரும். உள்ளூர்த் தொலைபேசி அழைப்பில் அது வராது. ஆகவே +65 என்று தொடங்கும் அழைப்பை எடுக்கவேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே குழம்பிப்போய்க் கேட்டார்: "உன் எண்ணுக்கும் +65 என்றுதானே வருகிறது?" அவர் பார்த்தது வாட்ஸ்அப்பில். அங்கே எல்லா எண்ணுக்கும் நாட்டு எண்ணோடுதான் காட்டும். சாதாரண அழைப்புக்கு மட்டுமே அந்தக் குறி பயன்படும் என்று பிரித்துச் சொல்லவேண்டியிருந்தது. அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. உள்ளூர் எண்ணிலிருந்தும் மோசடிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். பிறகு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சொல்லி, வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதியை அம்மாவின் எண்ணுக்கு மட்டும் போட்டோம். அப்பாவுக்கு ஊரிலிருந்து அழைப்பு வரவேண்டுமே.

வங்கிப் பக்கம் செய்தவை சிலவே. அப்பா கையாலேயே, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு நாள் வரம்பை 5,000இலிருந்து 1,000ஆகக் குறைத்தார். சேமிப்பில் பெரும்பகுதியைப் பணப்பூட்டு வசதிக்குள் வைத்தார். உள்ளூர் வங்கிகள் மூன்றும் 2023 நவம்பரில் கொண்டுவந்த வசதி இது. பூட்டிய பணத்துக்கு வட்டி வழக்கம்போல் வரும். ஆனால் கைபேசி வழியாக அதை யாரும் எடுக்க முடியாது, கணக்குக்குச் சொந்தக்காரராலும் முடியாது. திறக்கவேண்டும் என்றால், வங்கியைப் பொறுத்துக் கிளைக்கோ தானியங்கி இயந்திரத்துக்கோ நேரில் போகவேண்டும். மத்திய சேமநிதியிலும் இணையம் வழி ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையைச் சுழியமாக்கினார். அங்கே யாரும் எதுவும் செய்யாவிட்டால் அந்த வரம்பு 2,000 வெள்ளி. கூட்டவேண்டும் என்றால் 12 மணி நேரம் காத்திருக்கவேண்டும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஓர் இரவு வரும், ஒரு சாப்பாட்டு நேரமாவது வரும். முகத்தைப் பார்த்தே எதையோ கண்டுபிடிக்கும் அம்மா வீட்டில் இருப்பார்.

இந்தப் பூட்டுகளெல்லாம் எங்கே கைவிடும் என்பதையும் சொல்லியாகவேண்டும். வங்கிக் கிளைக்கு அப்பாவே நடந்துபோய்ப் பூட்டைத் திறந்து, ரொக்கமாக எடுத்து, புளோக்கின் கீழே நிற்கும் ஓர் ஆளிடம் உறையில் போட்டுக் கொடுத்தால் எந்தச் செயலியும் தடுக்காது. நகையைக் கொடுத்தாலும் அப்படித்தான். இங்கே அப்படியும் நடக்கிறது. வங்கி ஊழியர் ஏன் என்று கேட்பார். அதற்கும் முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். குளியலறைத் தரையைப் போல. அந்த இடத்தில் மிஞ்சுவது "வீட்டில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்" ஒன்றுதான். பெற்றோர் மோசடிக்காரனையே முழுக்க நம்பி, பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்காமல் போனால், காவல்துறையிடம் போகலாம். 2025 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்பப்போகிறார் என்று கருதக் காரணம் இருந்தால், அவருடைய வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும்படி காவல்துறை வங்கிகளுக்கு ஆணையிடலாம். முதலில் 30 நாள் வரை, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஆனால் அந்தக் கதவு இருப்பதைத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

இந்த விதி பிள்ளைகளான எங்களுக்கும் உண்டு. ஐந்து மாதம் கழித்து என் வீட்டுச் சமையலறையில் அலமாரி வேலை நடந்தது. வேலைக்காரர் வாட்ஸ்அப்பில், பழைய கணக்கை மூடிவிட்டேன், மீதி 3,200 வெள்ளியைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே வங்கிச் செயலியில் எண்ணைத் தட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "யார் முதலில் கூப்பிட்டது?" என்றார். அவர்தான்பா, செய்தி அனுப்பியிருக்கிறார் என்றேன். "அப்படியானால் நீ கூப்பிட்டுக் கேள்." ஒப்பந்தத் தாளில் இருந்த எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். கணக்கு மாறியது உண்மைதான். மூன்று நிமிடம் ஆனது. அன்றிலிருந்து அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு. தன்னைக் காப்பதற்காக வைத்த வேலியில்லை இது, வீட்டுக்கே அவரும் காவல் என்பது அவருக்கு அன்றுதான் உறுதியானது.

எங்களுக்கு இன்னும் கடினமாக இருப்பது ஊரிலிருந்து வரும் அழைப்புகள். சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புரியும். மருத்துவமனை, சாவு, பள்ளிக் கட்டணம் என்று கேட்பவர்கள் உண்மையான உறவினர்கள். தேவையும் உண்மை, அவசரமும் உண்மை. 'பதில் இல்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம்' என்பது அங்கே ஓர் உயிர் விஷயமாகிவிடலாம். அதே சமயம், உறவினரின் வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி அதே வார்த்தைகளில் கேட்பவனும் இருக்கிறான். அதனால் ஊருக்கு மட்டும் விதியைக் கொஞ்சம் மாற்றினோம். கேட்டவரை விட்டுவிட்டு, அதே ஊரில் இருக்கும் இன்னொருவரை நாமே கூப்பிட்டுக் கேட்பது. அதற்காக மன்னார்குடியில் மூன்று பேரின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டினோம். பணத்தையும் புதிதாக வந்த கணக்குக்கு அனுப்புவதில்லை. நாங்கள் ஆண்டுக்கணக்காக அனுப்பிப் பழகிய சித்தப்பா மகனின் கணக்குக்குத்தான் அனுப்புவோம். அவன் போய்க் கட்டுவான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பெரியப்பாவின் எண்ணிலிருந்து அப்பாவுக்குச் செய்தி வந்தது. பெரியம்மா விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, காலையில் அறுவை சிகிச்சை, முன்பணம் ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கீழே யாரோ ஒருவர் பெயரில் ஒரு கணக்கு எண். அப்பா திரும்பக் கூப்பிட்டார், பெரியப்பா எடுக்கவில்லை. அப்பாவின் கை நடுங்கியது என்று அம்மா பிறகு சொன்னார். ஒரே அண்ணன்.

என்னைக் கூப்பிட்டார், எழுந்து உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்த முதல் ஆள் எடுக்கவில்லை. ஊரில் மணி எட்டரைதான் என்றாலும் பஸ்ஸில் இருந்திருக்கிறான். இரண்டாவது, பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அத்தை மகன். எடுத்த உடனே, "ஆமாம் மாமா, சாயங்காலம் நான்தான் வண்டியில் ஏற்றிவிட்டேன்" என்றான். எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று அப்பா கேட்டார். அவன் சொன்னதும் செய்தியில் இருந்ததும் ஒத்துப்போனது. அந்தக் கணக்கு எண் யாருடையது என்று கேட்டதற்கு, பெரியப்பாவின் மாப்பிள்ளையின் தம்பியுடையது என்றான். நாங்கள் அறியாத பெயர்தான், ஆனால் நல்ல ஆள்தான்.

அப்படி இருந்தும் அப்பா அந்தக் கணக்குக்கு அனுப்பவில்லை. சித்தப்பா மகனைக் கூப்பிட்டு எழுப்பி, அவன் கணக்குக்கு அனுப்பினார். அன்றைய நிலவரப்படி ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆயிரம் வெள்ளி வரம்பு பற்றவில்லை. முதலில் 1,000 வெள்ளியை அவர் அனுப்பினார், குறைந்ததை நான் அனுப்பினேன். செய்தி வந்ததற்கும் பணம் போனதற்கும் இடையில் இருபத்தைந்து நிமிடம்.

மறுநாள் மதியம் பெரியப்பா கூப்பிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து பெரியம்மா கண் விழித்துவிட்டார் என்றார். பிறகு கொஞ்சம் வருத்தமாக, "நான் கேட்டதை நம்பாமல் ஊரெல்லாம் விசாரித்தாயாமே?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அடுத்த தடவை நானே உன்னிடம் பணம் கேட்டாலும் நீயும் இப்படி விசாரித்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வந்த அந்தக் காப்பீட்டு அழைப்பிலிருந்து தொடங்கி, 9,800 வெள்ளி போன கதையை முதன்முறையாகத் தன் அண்ணனிடம் முழுக்கச் சொன்னார்.